ஒன்பதுக்கு ஒன்பது பெறும் வெற்று வாக்கியம்

உத்திசார் மேலாண்மை வகுப்புகளில் ஒரு நிறுவனத்தின் பணிநோக்குக் கூற்றை மாணவரிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்கிறோம். மாணவர் ஃப்ரெட் டேவிட் வகுத்த ஒன்பது கூறுகளை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குகிறார். வாடிக்கையாளர் குறிப்பிடப்பட்டுள்ளாரா, சந்தை உள்ளதா, தொழில்நுட்பம் உள்ளதா, பணியாளர் மீதான அக்கறை உள்ளதா என ஒவ்வொன்றாகக் குறியிட்டு, இறுதியில் ஒரு மதிப்பெண் தருகிறார். இந்த முறை விடுபட்டதைக் காட்டும். இருப்பதன் எடையைக் காட்டாது. ஒன்பதும் நிறைந்த ஒரு கூற்று எந்த முடிவுக்கும் உதவாமல் போகலாம் என்பதே என் வாதம்.

முதலில் வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். தொலைநோக்குக் கூற்று, நிறுவனத்தின் உழைப்பு வென்றால் உலகம் எப்படி இருக்கும் என்று சொல்வது. பணிநோக்குக் கூற்று, அந்நிலையை நோக்கி நிறுவனம் இன்று யாருக்காக, எதை, எவ்வழியில் செய்கிறது என்று சொல்வது. முன்னது சேருமிடம், பின்னது செல்லும் வழி. ஆண்டைக் குறிப்பிட்டு எழுதினால் தொலைநோக்கு, ஆண்டில்லாமல் எழுதினால் பணிநோக்கு என்று சிலர் பிரிப்பது போதாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கூற்றை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய நிறுவனம் அது. பரிவும் தரமும் கொண்ட, அனைவருக்கும் கட்டுப்படியாகும் கண் மருத்துவத்தின் வழியே தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பதே அதன் நோக்கம். நிறுவனம் இதனை ‘மிஷன்’ என்றே அழைக்கிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால் இதில் இரண்டும் உள்ளன. பார்வையிழப்பை ஒழித்தல் சேருமிடம். கட்டுப்படியாகும் தரமான மருத்துவம் வழி. ஆகவே தலைப்பில் உள்ள பெயரை நம்பாமல், ஒவ்வொரு தொடரும் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இக்கூற்றில் எடைமிக்க சொல் ‘தேவையற்ற’ என்பது. கண்புரையால் இழந்த பார்வையை அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் மீட்க முடியும். மீட்கவே இயலாத பார்வையிழப்பும் உண்டு. அந்த ஒரு சொல் வாக்குறுதிக்கு எல்லை வகுத்து, முதலில் எங்கே உழைக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறது.

இனி ஒரு மாற்றுக் கூற்றைக் கற்பனை செய்வோம்: ‘தென்னிந்தியாவின் தலைசிறந்த கண் மருத்துவமனையாகத் திகழ்வோம்.’ இதுவும் கேட்க இனிமையானதே. அரவிந்த் எடுத்த மூன்று முடிவுகளை இதன் முன் நிறுத்திப் பாருங்கள். மருத்துவமனைக்கு வராதவரைத் தேடிக் கிராமங்களில் முகாம் நடத்தியது ஒன்று. இறக்குமதியான விழிவில்லை விலை மிகுந்திருந்தபோது, 1992இல் அரோலேப் நிறுவனத்தைத் தொடங்கி, பன்மடங்கு குறைந்த விலையில் தாமே தயாரித்தது மற்றொன்று. தம் செயல்முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்கும் கற்பித்தது மூன்றாவது. முதலிரண்டையும் மாற்றுக் கூற்றின்கீழ்கூட ஒருவாறு நியாயப்படுத்தலாம். மூன்றாவதை முடியாது, தலைசிறந்தவராக விரும்புபவர் போட்டியாளருக்குத் தம் தொழில் நுணுக்கத்தைக் கற்றுக்கொடுப்பது அறிவீனம். பார்வையிழப்பை ஒழிக்க விரும்புபவருக்கோ அதுவே இயல்பான அடுத்த படி, ஏனெனில் ஒரு மருத்துவமனை தனியே அதைச் செய்து முடிக்க முடியாது.

இதிலிருந்து நான் பரிந்துரைப்பது இரண்டு கேள்விகளை. இக்கூற்றை எதிர்மறையாக்கினால் அறிவுள்ள ஒருவர் அதைத் தேர்வாரா? ‘தரமற்ற சேவை தருவோம்’ என்று எவரும் எழுதமாட்டார். ஆகவே ‘தரமான சேவை தருவோம்’ என்பது தனித்து நின்றால் எதையும் சொல்வதில்லை. அடுத்து, இலாபம் தரக்கூடிய எந்த வாய்ப்பை இக்கூற்று மறுக்கச் செய்யும், இலாபம் தராத எந்தச் செயலை ஏற்கச் செய்யும்? விடை கிடைக்கவில்லையெனில் அது விளம்பர வாசகம்.

இம்முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. கூற்று முடிவுகளை உருவாக்கியதா, முன்பே இருந்த பழக்கத்தைக் கூற்று பின்னர் பதிவுசெய்ததா என்பதை வெளியிலிருந்து பிரிப்பது கடினம். அரவிந்தின் வெற்றிக்கு அந்த ஒரு வாக்கியமே காரணம் என்று எவரும் எழுதினால் நான் ஏற்கமாட்டேன். வாக்கியமும் முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே நாம் சோதிக்கிறோம்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த பருவத்தில் அந்த ஒன்பது கூறுகளை முதல் படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாதி மதிப்பெண்ணை ஒரே வினாவுக்கு ஒதுக்குங்கள்: இந்த நிறுவனம் எடுத்த எந்த முடிவு, இக்கூற்று இல்லாவிடில் விளங்காமல் போகும்?