0/0 வந்தால் என்ன செய்வது? மூன்று வாரத்தில் 'எல்லை' பாடம்

போடிநாயக்கனூர் பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க அங்கே இடம் பார்த்ததால், ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது.

அந்த ஊரில் இருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். பிளஸ்-2 படிக்கிறாள். கணக்குப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவள் தாயார் ஏலக்காய் எடுக்கும் வேலைக்குப் போகிறவர். விடியும் முன்பே ஜீப் ஏறி மலைக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் இவளும் எழுந்து விடுகிறாள். படிக்கக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

"சார், எல்லைப் பாடம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. சாய்ஸில் விட்டுவிடலாமா?" என்று கேட்டாள்.

"முதலில் ஒரு கணக்கைப் போடு, தாயி" என்று சொல்லி, (x² − 4)/(x − 2) என்று எழுதிக் கொடுத்தேன். x என்பது 2-ஐ நெருங்கினால் என்ன வரும்?

அவள் x வரும் இடத்தில் 2-ஐப் போட்டாள். மேலே பூச்சியம். கீழேயும் பூச்சியம்.

"பூச்சியம் சார்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லை, ஒன்று" என்றாள்.

நான் பல வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இந்த இரண்டு பதிலையும் எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் மக்குப் பிள்ளைகள் அல்ல. அவர்களுக்குச் சூத்திரத்தை முதலில் கொடுத்துவிட்டோம். அர்த்தத்தைக் கொடுக்க மறந்துவிட்டோம்.

சாய்ஸில் விடலாமா?

கூடாது என்பதே என் கருத்து.

'எல்லை' என்பது பிளஸ்-1 கணக்குப் புத்தகத்தில், இரண்டாம் தொகுதியில் வரும் பாடம். 2018-ம் ஆண்டு முதல் பிளஸ்-1 வகுப்புக்கும் பொதுப் பரீட்சை நடந்தது. 2025-ல் அரசு அதை எடுத்துவிட்டது. சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால், "பரீட்சைதான் இல்லையே" என்று பிளஸ்-1 பாடத்தை மேலோட்டமாகப் படித்து வருகிறவர்கள், பிளஸ்-2 வகுப்பில் திண்டாடுகிறார்கள். அங்கே லோபிதால் விதி என்று ஒன்று வருகிறது. அது முழுக்க எல்லைக் கணக்கு. தொகையிடல் பாடத்திலும் கூட்டலின் எல்லை வருகிறது.

வினாத்தாளையும் பாருங்கள். மொத்தம் 90 மார்க். இரண்டு மார்க் கேள்விகள் பத்தில் ஏழு எழுதினால் போதும். மூன்று மார்க் கேள்விகளும் அப்படியே. ஆனால் 30-வது கேள்வியும், 40-வது கேள்வியும் கட்டாயம். அதற்குச் சாய்ஸ் கிடையாது. அது எந்தப் பாடத்தில் இருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

முதல் வாரம்

முதல் ஏழு நாட்களும் சூத்திரம் இருக்கும் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். அட்டவணை மட்டும் போடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு போதும்.

அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த கணக்கையே எடுத்துக் கொள்வோம். x-க்கு 2-ஐப் போடாதீர்கள். 2-க்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். 1.9 போட்டால் 3.9 வருகிறது. 1.99 போட்டால் 3.99. 1.999 போட்டால் 3.999. இது இடது பக்கம். இனி வலது பக்கம் வாருங்கள். 2.1 போட்டால் 4.1. 2.01 போட்டால் 4.01. இரண்டு பக்கமும் 4-ஐ நோக்கியே வருகின்றன. அதனால் எல்லை 4.

2-ல் என்ன நடக்கிறது என்று எல்லை கேட்பதே இல்லை. 2-ஐ நெருங்கும்போது என்ன நடக்கிறது என்றுதான் கேட்கிறது. அதுதான் பாடத்தின் உயிர். 0/0 என்பது பதில் அல்ல. "நேராகப் போட்டால் தெரியாது, வேறு வழியில் வா" என்னும் அறிவிப்புப் பலகை அது.

இரண்டு பக்கமும் ஏன் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுக்கு ஏலக்காய்ச் சல்லடையைச் சொன்னேன். போடியில் அதைத் தெரியாதவர் யார்?

காயைப் பருமன் பார்த்துச் சலிக்கிறார்கள். 8 மில்லி மீட்டருக்கு மேற்பட்ட காய்க்குத் தனி மவுசு. பேச்சுக்கு, அந்தக் காய் கிலோ 2,800 ரூபாய், அதைவிடச் சிறியது 2,500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 7.9, 7.99, 7.999 என்று எவ்வளவு நெருங்கி வந்தாலும் விலை 2,500-தான். 8.1, 8.01, 8.001 என்று மேலே இருந்து இறங்கி வந்தாலோ 2,800. இடப்பக்க எல்லை ஒன்று. வலப்பக்க எல்லை வேறு. ஆகவே 8 என்ற இடத்தில் இந்த விலைக்கு எல்லையே இல்லை.

"அம்மாவுக்கே இது புரியும் சார்!" என்றாள் அவள்.

புத்தகத்தில் |x − 2|/(x − 2) என்று ஒரு கணக்கு வந்தால், அதுவும் இந்தச் சல்லடைதான். 2-க்கு இடது பக்கம் எப்போதும் −1. வலது பக்கம் எப்போதும் 1. எல்லை இல்லை.

அட்டவணை போடும்போது ஓர் இடத்தில் எச்சரிக்கை தேவை. sin x/x கணக்கில், x பூச்சியத்தை நெருங்கினால் எல்லை 1. அந்தப் பெண் 0.01 என்று போட்டுப் பார்த்தாள். 0.01745 என்று வந்தது. "புத்தகம் தப்பா சார்?" என்று கேட்டாள். புத்தகம் தப்பு அல்ல. கால்குலேட்டர் பாகையில் இருந்தது. இந்தக் கணக்குக்கு அது ரேடியனில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டதும் 0.99998 வந்தது. 0.01745 என்ற எண்ணைப் பார்த்தால், உடனே கருவியைச் சந்தேகப்படுங்கள். (வீட்டில் பழகுவதற்கு மட்டும்தான் கால்குலேட்டர். கணக்குப் பரீட்சைக்கு அல்ல.)

இரண்டாம் வாரம்

இப்போது புத்தகத்துக்குப் போகலாம். இந்த வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 0/0 வருவதற்குக் காரணமான உறுப்பைக் கண்டுபிடித்து, மேலும் கீழும் அடிக்க வேண்டும்.

சில கணக்கில் அது காரணிப்படுத்தினால் வெளியே வந்துவிடும். x² − 4 என்பது (x − 2)(x + 2). x − 2 மேலும் கீழும் போய்விட்டால், மிச்சம் x + 2. இப்போது 2-ஐப் போடலாம். 4 வருகிறது. போன வாரம் அட்டவணையில் பார்த்த அதே 4!

வர்க்கமூலம் வந்தால் காரணிப்படுத்த முடியாது. (√(x + 4) − 2)/x என்று ஒரு கணக்கு. x பூச்சியத்தை நெருங்குகிறது. மேலேயும் கீழேயும் √(x + 4) + 2 என்பதால் பெருக்குங்கள். மேலே x + 4 − 4, அதாவது x வரும். கீழே x(√(x + 4) + 2) இருக்கும். x-ஐ அடித்துவிட்டால், 1/(√(x + 4) + 2) மிஞ்சும். இப்போது பூச்சியத்தைப் போட்டால் 1/4.

இத்துடன் நிறுத்தாதீர்கள். x = 0.01 என்று போட்டுச் சரி பாருங்கள். 0.2498 வரும். 1/4 என்பது 0.25. பொருந்துகிறது. விடையைத் தானே சோதிக்கத் தெரிந்த பிள்ளை, விடைப் பக்கத்தைப் புரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

சூத்திரங்களில் sin x/x-ல்தான் அதிகப் பேர் வழுக்குகிறார்கள். sin 3x/x என்று கொடுத்தால், அதற்கும் 1 என்று எழுதிவிடுகிறார்கள். மேலே 3x இருந்தால் கீழேயும் 3x இருக்க வேண்டும். கீழே மூன்றால் பெருக்கினால், வெளியேயும் மூன்றால் பெருக்க வேண்டும். ஆகவே விடை 3.

வாரக் கடைசியில் ஒரு சோதனை. x = 2 தவிர மற்ற இடங்களில் சார்பு (x² − 4)/(x − 2). x = 2-ல் மட்டும் அதன் மதிப்பு k. சார்பு தொடர்ச்சியாக இருக்க k என்ன? எழுதாமலே "4" என்று சொல்ல முடிந்தால், மூன்றாம் வாரத்துக்குப் போகலாம். முடியாவிட்டால் இன்னும் இரண்டு நாள் இங்கேயே இருங்கள். நஷ்டம் இல்லை.

மூன்றாம் வாரம்

லோபிதால் ஒரு பிரெஞ்சுப் பிரபு. ஜோஹான் பெர்னூலி என்ற சுவிஸ் நாட்டுக் கணித மேதைக்குப் பணம் கொடுத்துப் பாடம் கேட்டார். கேட்டதை 1696-ல் புத்தகமாகப் போட்டார். கண்டுபிடித்தவர் பெர்னூலி. பெயரோ லோபிதாலுக்கு!

விதி இதுதான். 0/0 வந்தால், மேலே இருப்பதைத் தனியாகவும் கீழே இருப்பதைத் தனியாகவும் வகையிட்டு, பிறகு எல்லை பார்க்கலாம். வகுத்தல் விதியைப் போட்டு மொத்தமாக வகையிட்டால் கணக்கு கெட்டது.

(1 − cos x)/x² என்பதைப் பாருங்கள். x பூச்சியத்தை நெருங்கும்போது 0/0. ஒரு தடவை வகையிட்டால் sin x/2x. இன்னும் 0/0-தான். மறுபடியும் வகையிட்டால் cos x/2. இப்போது பூச்சியத்தைப் போட்டால் 1/2. இங்கே நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்தத் தெரியாததுதான் பெரிய வியாதி. (x² + 1)/(x + 1) என்ற கணக்கில் x 1-ஐ நெருங்குகிறது. நேராகப் போட்டால் 2/2, விடை 1. ஆனால் விதியைக் கற்ற ஆர்வத்தில் உடனே வகையிடுகிறவனுக்கு 2x/1 வரும். விடை 2 என்று எழுதுவான். ஒவ்வொரு தடவையும் "இது 0/0 தானா? அல்லது முடிவிலியின் கீழ் முடிவிலியா?" என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் பிறகு வகையிடுங்கள். இந்த ஒரு வரி எழுத ஐந்து வினாடி ஆகும்.

இந்த விதியை முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் மார்க் வரும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அட்டவணை தெரியாத பிள்ளைக்கு, 1 சரியா 2 சரியா என்று சோதிக்க வழியே கிடையாது.

கடைசி நான்கு நாட்கள் பழைய வினாத்தாள்களை எடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 90 மார்க். ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம். ஆகவே இரண்டு மார்க் எல்லைக் கணக்குக்கு நான்கு நிமிடம்தான். கடிகாரத்தை எதிரில் வைத்துப் போடுங்கள். தப்பாகப் போனதை அழிக்காமல், பக்கத்திலேயே சரியானதை எழுதுங்கள்.

அந்தப் பெண் இப்போது இரண்டாம் வாரத்தில் இருக்கிறாள். நேற்று ஐந்து கணக்கு கொண்டு வந்தாள். நான்கு சரி. ஒன்றில் கழித்தல் குறியை விட்டுவிட்டாள். நான் சொல்வதற்குள், "x = 0.1 போட்டுப் பார்த்தேன் சார், ஒத்துவரவில்லை. எங்கேயோ விட்டிருக்கிறேன்" என்று தானே நோட்டைத் திருப்பி வாங்கிக் கொண்டாள்.