படம் கடைசி டிரிப்பரில் தொடங்கட்டும்

சொட்டுநீர்ப் பாசனம் பற்றி விவசாயிகளுக்காக எடுக்கப்படும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. டிரோன் வயலைச் சுற்றிவரும், பச்சை வரிசைகள் தெரியும், ஓர் அதிகாரி மானிய விவரம் சொல்வார். தண்ணீர் மிச்சம், களை குறைவு, மகசூல் கூடுதல் என்று பின்னணிக் குரல் முடித்துவைக்கும். சொல்வதில் தவறேதும் இல்லை. ஆனால், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரும் தமிழ்நாட்டில், சொட்டுநீர் நல்லது என்று விவசாயியை நம்பவைக்க இனியும் படம் தேவையில்லை. போட்ட குழாயை மூன்றாம் ஆண்டிலும் ஓடவைப்பது எப்படி என்று காட்டத்தான் படம் தேவை. வரப்போரம் சுருட்டிப் போட்டிருக்கும் கறுப்புக் குழாய்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்படியொரு படத்துக்கான எழுத்து மோட்டார் கொட்டகையில் தொடங்கக் கூடாது. வயலின் கோடியில், தண்ணீர் கடைசியாக வந்துசேரும் டிரிப்பரில் தொடங்க வேண்டும். அதன் அடி மண்ணைக் கையால் சற்றுப் பறித்துவிட்டு ஒரு டம்ளரை வைக்கட்டும். கேமரா நெருங்கி, சொட்டு விழுவதைக் காட்டட்டும். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் 3 நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். இதே சோதனையை சப்மெயினுக்குப் பக்கத்தில் உள்ள முதல் டிரிப்பரிலும், நடுவில் இரண்டொரு இடத்திலும் செய்து, டம்ளர்களை வரிசையாக வைத்துக் காட்டினால் போதும். செலவில்லாத இந்தச் சோதனை, நோய் எது என்பதைப் பிரித்துச் சொல்லிவிடும்.

ஒரே குழாயில் அக்கம்பக்கத்து டிரிப்பர்கள் 190 மில்லி தரும்போது ஒன்று மட்டும் 60 மில்லி தந்தால், அந்த டிரிப்பர் அடைத்திருக்கிறது. எல்லாக் குழாய்களிலும் முதல் டிரிப்பர் தொடங்கிக் கடைசி டிரிப்பர் வரை 200 மில்லியைவிட மிகக் குறைவாகவே வந்தால், அழுத்தம் போதவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், சப்மெயின் எங்கோ ஒழுகலாம், அல்லது மோட்டார் தாங்கும் பரப்பைவிட அதிகமாக வால்வுகளைத் திறந்துவிட்டிருக்கலாம். முதலாவதற்குத்தான் ஆசிட் தேவைப்படும். இரண்டாவதற்கு ஆசிட் ஊற்றினால் காசும் வீண், கையும் புண். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் குழாயைக் குத்தூசியால் குத்தி ஓட்டையைப் பெரிதாக்குகிறார்கள். பெரிதான ஓட்டை வழியாக அழுத்தம் போய்விட, பின்னால் இருக்கும் செடிகள் காய்கின்றன.

அடுத்து, எவ்வளவு நேரம் ஓட்டுவது என்ற கேள்வி. ஒரு ஏக்கர் கத்தரியை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டருக்கு ஒரு குழாய், 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,400 டிரிப்பர்கள். மணிக்கு 4 லிட்டர் வீதம் மொத்தம் சுமார் 17,600 லிட்டர். வெயில் காலத்தில் வளர்ந்த பயிருக்கு நாளுக்கு 5 மி.மீ. தண்ணீர் என்று கணக்கிட்டால் ஏக்கருக்கு 20,000 லிட்டர் வேண்டும். ஆக, ஒரு மணி பத்து நிமிடம் ஓட்டினால் போதும். நடைமுறையில் மூன்று நான்கு மணி நேரம் ஓடுகிறது. மேல்மண் முழுக்க நனையவில்லையே என்ற கவலைதான் காரணம். வாய்க்கால் பாசனத்தில் பழகிய கண் அப்படித்தான் பார்க்கும், அதைக் குறை சொல்ல முடியாது. அதனால் படத்தில் மண்வெட்டி வர வேண்டும். டிரிப்பருக்கு அடியில் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை நேராக வெட்டி, உள்ளே ஈரம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று காட்ட வேண்டும். மணல் கலந்த செம்மண்ணில் ஈரம் ஒடுங்கி ஆழமாக இறங்கும். கரிசலில் அகன்று மேலேயே நிற்கும். இரண்டு மண்ணையும் அருகருகே காட்டினால், மேலே காய்ந்து தெரிந்தாலும் வேருக்குத் தண்ணீர் கிடைப்பதை விவசாயியே பார்த்துக்கொள்வார்.

ஃபில்டருக்கு அதிக நேரம் வேண்டாம். அதன் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு அழுத்தமானிகளுக்கும் இடையே வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் கழுவ வேண்டும் என்பதை முள்ளோடு காட்டினால் போதும். குழாய்க் கோடியில் மடக்கி மாட்டியிருக்கும் எண்ட் கேப்பைக் கழற்றி, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடும் காட்சியை வெட்டாமல் முழுதாகக் காட்ட வேண்டும். முதலில் வரும் செந்நிறச் சேற்றைப் பார்த்தவர் இந்த வேலையைத் தள்ளிப்போட மாட்டார்.

ஆசிட் சிகிச்சையைத்தான் பல படங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. ஆபத்தான பொருளைக் காணொளியில் கற்றுத்தரலாமா என்று கேட்கிறார்கள். காட்டாததுதான் ஆபத்து என்பது நம் கருத்து. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீர் உள்ள ஊர்களில், யாரிடமோ கேட்டுக்கொண்டு விவசாயிகள் ஏற்கெனவே ஆசிட் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அதில் ஆசிட் என்ற வரிசையைக் காட்ட வேண்டும். ஆசிடில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கரைசலை வெஞ்சுரி வழியாக மெல்ல இழுக்கவிட்டு, கடைசி டிரிப்பரில் விழும் தண்ணீரை பிஎச் தாளில் தொட்டுப் பார்க்க வேண்டும். நிறம் 4-ஐக் காட்டியதும் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் குழாயில் அப்படியே விட்டு, மறுநாள் எண்ட் கேப்புகளைத் திறந்து கழுவ வேண்டும். அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும்போது செய்வது நல்லது. அடைப்பு வெள்ளையாக இல்லாமல் பச்சைப் பாசியாகவோ வழவழப்பாகவோ இருந்தால் ஆசிட் உதவாது, அதற்கு பிளீச்சிங் பவுடர் கரைசல். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இந்த எச்சரிக்கையைக் கேமராவைப் பார்த்து, நிறுத்தி, இருமுறை சொல்ல வேண்டும்.

குழாய் பதிக்கும் அன்றே நேரில் எல்லாம் சொல்லித் தருகிறோமே என்று துறையினர் கூறலாம். சொல்லித் தருவது உண்மைதான். ஆனால் அன்று குழாய் புதியது. அடைப்பும் இல்லை, கேள்வியும் இல்லை. இரண்டாம் கோடையில் டிரிப்பர் நிற்கும்போது சொல்லித் தந்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். கையில் இருப்பது போன் மட்டும்தான்.

ஆகவே அரசுக்கும் சொட்டுநீர் நிறுவனங்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை இது. கடினத் தண்ணீர் உள்ள வட்டாரம் ஒன்றில், குறைந்தது மூன்று ஆண்டு ஓடிய குழாயில் படம் எடுங்கள். பேசுபவர் அந்த வட்டாரத்து விவசாயியாக, ‘டியூப்’, ‘ஃபில்டர்’ என்று அவர் வாயில் வருகிற சொற்களிலேயே பேசட்டும். சோதனை, நேரக் கணக்கு, கழுவுதல், ஆசிட் என்று நான்கு தனித்தனிப் படங்களாக, ஒவ்வொன்றும் நாலைந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். மானியம் பெற்றவரின் எண் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. குழாய் பதித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு நடவுக்கும் முன்பாக, உரிய படம் அந்த எண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். மானியக் கோப்பை முடிக்கும் முன், கடைசி டிரிப்பர் 3 நிமிடத்தில் எத்தனை மில்லி தந்தது என்பதை விவசாயியின் முன்னிலையில் அளந்து, அந்த எண்ணைக் கோப்பில் எழுதிக் கையொப்பம் வாங்குவதையும் கட்டாயமாக்க வேண்டும். பின்னாளில் அவர் டம்ளர் வைத்து அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.