கூரை அன்டெனாவை இறக்கும்போது கையொப்பத்துக்கு அவசரப்பட வேண்டாம்

கடைக் கட்டடத்தின் மேல் தட்டைத் தொலைபேசிக் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்த நமது வியாபாரிகள் பலர். சும்மா கிடந்த கொங்கிறீட்டுக்கு மாதாமாதம் காசு வந்தது. இப்போது மேலே இன்னொரு மாடி எழுப்ப வேண்டும் என்றோ, கட்டடத்தை விற்க வேண்டும் என்றோ நினைக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. கொடுக்கும்போது காட்டாத கவனத்தை முடிக்கும்போதாவது காட்ட வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். மூன்று மாடிக் கடையொன்று. 2016 ஏப்ரல் முதல் 15 வருடக் குத்தகை. மாத வாடகை 40,000 ரூபா, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை 10 வீதம் கூட வேண்டும். ஆறு மாத எழுத்து அறிவித்தல் கொடுத்து எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம் என்று உறுதியில் உள்ளது. உரிமையாளர் 2024 மார்ச் 31ஆம் திகதியோடு முடிக்க விரும்பினால், அறிவித்தல் 2023 செப்டெம்பர் மாதத்துக்குள் கம்பனியின் கையில் கிடைத்திருக்க வேண்டும். பகுதி முகாமையாளரிடம் தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. உறுதியில் எழுதியுள்ள விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். இடையில் கம்பனி வேறொரு கம்பனியோடு இணைந்திருந்தால் புதிய பெயருக்கும் ஒரு பிரதி போகட்டும். 2018இல் ஹட்ச் எடிசலாட்டை வாங்கியது, 2024இல் டயலொக் எயார்டெல்லை இணைத்துக்கொண்டது. பழைய பெயரில் எழுதிய உறுதிகள் இன்னும் பல பெட்டகங்களில் கிடக்கின்றன.

அடுத்தது பாக்கி. வங்கிக்கு நேரே வரும் பணத்தை நாம் பார்ப்பதில்லை. நமது உதாரணத்தில் 2019இல் 44,000, 2022இல் 48,400 என்று உயர்ந்திருக்க வேண்டும். கம்பனியோ கடைசிவரை 40,000தான் போட்டது. முதல் 36 மாதத்துக்கு 4,000 வீதம் 144,000, அடுத்த 24 மாதத்துக்கு 8,400 வீதம் 201,600, ஆக 345,600 ரூபா. வங்கிக் கூற்றுகளை விரித்து உட்கார்ந்தால் ஒரு பின்னேரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய தொகை. ஆனால் வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட கால எல்லை உண்டு, ஆறப் போட்டால் பழைய வருடங்கள் தகராறுக்குள் விழும்.

அறிவித்தல் காலம் முடிந்த அன்றே சாமான்கள் இறங்குவதும் அபூர்வம். “சிக்னலை நிறுத்திவிட்டோம், இனி வாடகை இல்லை” என்பார்கள். சிக்னல் போனாலும் கம்பமும் பற்றரிப் பெட்டியும் தட்டில் இருந்தால் இடம் நம் கைக்கு வரவில்லை. ஜூன் முடிவில்தான் இறக்கினால் இன்னும் மூன்று மாதம், 145,200 ரூபா கேட்க நியாயமுண்டு. இதை வாடகை என்று வாங்காதீர்கள். குத்தகை தொடர்கிறது என்று பிறகு வாதாட இடம் வைக்கும். ‘குத்தகையைப் புதுப்பிக்காமல், இடத்தைப் பாவித்ததற்கான நட்டஈடு’ என்று கடிதத்திலும் பற்றுச்சீட்டிலும் எழுதுங்கள். கோபத்தில் வயரை வெட்டுவது, கதவுக்குப் பூட்டுப் போடுவது இரண்டும் நம்மைத்தான் பொலிசுக்கு இழுக்கும்.

இறக்கும் நாளில் ஆள் ஒருவர் மேலே நிற்க வேண்டும். கம்பனியின் அதிகாரக் கடிதம் இல்லாத ஒப்பந்தக்காரரை ஏற விட வேண்டாம். செம்புப் பட்டி காணாமற்போனால் முதலில் நம்மைத்தான் கேட்பார்கள். அதே கம்பத்தில் இன்னொரு கம்பனியின் அன்டெனா ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதுவும் இறங்க வேண்டும். கம்பத்தைப் பிடித்த போல்ட்டுகளை மட்டத்தோடு அறுத்துவிட்டு மேலே சீமெந்து பூசிப் போவது வழக்கமான வேலை. உள்ளே நிற்கும் இரும்பு துருப்பிடித்து வீங்கும், கொங்கிறீட் வெடிக்கும், மழைக்குக் கீழ்மாடி ஒழுகும். மட்டத்துக்குக் கீழே குடைந்து அறுத்து, சுருங்காத சாந்தால் அடைத்து, நீர்த்தடுப்புப் பூச வேண்டும். சரியா என்று பார்க்க, தட்டின் வடிகாலை அடைத்து இரண்டங்குலம் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்தி, மறுநாள் கீழ்க் கூரையில் ஈரம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பனியின் பெயரில் தனி மின்மானி இருந்தால் அதன் இறுதிப் பட்டியலும் கட்டி முடிய வேண்டும்.

இந்த நாளில்தான் ஒரு தாள் நீட்டப்படும். ‘எமக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் இருக்கும். தண்ணீர்ச் சோதனையும் பாக்கிக் கணக்கும் முடியாமல் அதில் பேனா வைக்கக் கூடாது. அவசரமென்றால், ‘சாமான்கள் அகற்றப்பட்டன, வாடகைப் பாக்கியும் திருத்த வேலையும் நிலுவையில் உள்ளன’ என்று எழுதிக் கையொப்பமிடலாம்.

பலர் மறப்பது கடைசி வேலையை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு உறுதியாகவே எழுதப்பட வேண்டும். நமது உதாரணத்தில் அது 2031 வரை காணிப் பதிவகத்தில் பதிந்து கிடக்கிறது. இடையில் முடித்ததை அங்கு யாரும் தானாக அழிக்க மாட்டார்கள். மாடி எழுப்பக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், அவர்களது சட்டத்தரணி பதிவைப் பார்த்துவிட்டு ‘கூரையில் இன்னொருவருக்கு உரிமை உண்டு’ என்று கோவையைத் திருப்பி அனுப்புவார். எனவே கம்பனியும் கையொப்பமிடும் ரத்து உறுதியொன்றை நொத்தாரிசு மூலம் எழுதிப் பதிய வேண்டும். கம்பனிக்காரர் சாமானை ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்தக் கையொப்பத்துக்காகக் கொழும்புக்கு அலைவதைவிட, அவர்கள் கோரும் தாளுக்குப் பதிலாக இதைக் கேட்டு வாங்குவதே சுலபம்.