நோ டியூ சர்டிபிகேட்டைப் படித்த பிறகே பத்திரத்துக்குக் கை நீட்டுங்கள்

கடனை அடைத்து முடித்த வியாபாரிக்கு அன்றைய தினம் ஒரே ஒரு எண்ணம்தான் இருக்கும். வங்கியில் இருக்கும் கடைப் பத்திரம் வீட்டுப் பீரோவுக்கு வந்து சேர வேண்டும். அந்த அவசரத்தில், வங்கி தரும் கடன் முடிவுச் சான்றிதழை, அதாவது நாம் நோ டியூ சர்டிபிகேட் என்று சொல்லும் தாளை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பத்திரம் பெற்றுக்கொண்டதற்கான பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இந்த வரிசை சரியல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து. சான்றிதழை முதல் நாளே வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படித்து, குறையிருந்தால் திருத்தி வாங்கிய பிறகே பத்திரம் வாங்கப் போக வேண்டும்.

காரணம் எளிது. வீட்டுக் கடன் வாங்கியவருக்குப் பெரும்பாலும் ஒரே கணக்குதான் இருக்கும். வியாபாரிக்கு அப்படியல்ல. ஒரே கடைக் கட்டடத்தின் பேரில் கேஷ் கிரெடிட், வண்டிக் கடன், இடையில் வாங்கிய அவசரக் கடன் என்று இரண்டு மூன்று கணக்குகள் நிற்கும். சான்றிதழோ பெரும்பாலும் ஒரு கணக்கு எண்ணை மட்டும் குறிப்பிட்டு வருகிறது. அது முடிந்ததைச் சொல்கிறதே தவிர, பத்திரம் விடுபட்டதைச் சொல்வதில்லை.

ஒரு மளிகைக் கடைக்காரரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவர் 2014-ல் கடைக் கட்டடப் பத்திரத்தை ஈடாக வைத்து 20 லட்சம் ரூபாய் கேஷ் கிரெடிட் வாங்கினார். 2020 பிப்ரவரி 29 அன்று அதில் நிலுவை 16 லட்சம். அந்த ஆண்டு மே மாதம் கொரோனா நெருக்கடிக்காக மத்திய அரசு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. நிலுவையில் 20 சதவீதம் கூடுதல் கடனாகக் கிடைத்தது. நம்மவர் ஜூலையில் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் பெற்றார். அதற்குத் தனியாகச் சொத்து எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே ஈடாக இருந்த கடைப் பத்திரத்தையே இந்தக் கடனுக்கும் நீட்டித்து அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டார்கள். முதல் வருடம் வட்டி மட்டும், பிறகு 36 மாதத் தவணை. கடைசித் தவணை 2024 ஜூலையில். தவணைத் தொகை மாதந்தோறும் கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவந்தது. அதனால் அவர் அதைத் தனிக் கடன் என்றே மறந்துபோனார்.

2024 மே கடைசியில் கேஷ் கிரெடிட்டை முழுவதும் கட்டி முடித்தார். வேறு வங்கிக்கு மாறுவதாகத் திட்டம். சான்றிதழும் கிடைத்தது. "இன்ன எண்ணுள்ள கேஷ் கிரெடிட் கணக்கு முடிக்கப்பட்டது, நிலுவை இல்லை" என்று இருந்தது. அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவசரக் கடனில் ஜூன், ஜூலை என இரண்டு தவணை மீதம். அசல் மட்டும் சுமார் 17,800 ரூபாய். கழிப்பதற்குக் கேஷ் கிரெடிட் கணக்கே இல்லாததால் ஜூன் தவணை நின்றது. பத்திரம் வாங்கப் போன இடத்தில் "இன்னொரு கணக்கு உயிரோடு இருக்கிறது" என்றார்கள். தவணை தவறியது சிபில் அறிக்கையிலும் ஏறியது. புதிய வங்கி கேள்வி கேட்டது. 20 லட்சம் வரவு செலவு பார்த்தவர், 17,800 ரூபாய்க்காக இரண்டு வங்கிக்கும் நடந்தார்.

இது நேராமல் இருக்க வழி ஒன்றே. கணக்கை முடிக்கும் முன் பழைய அனுமதிக் கடிதங்கள் அனைத்தையும், புதுப்பித்த கடிதங்கள் உட்பட, எடுத்து வைத்துக்கொண்டு, இந்தச் சொத்தின் பேரில் என்னென்ன கணக்குகள் இருந்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள். தம்பிக்கோ பங்காளிக்கோ இதே சொத்தைக் காட்டி ஜாமீன் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். சான்றிதழில் அத்தனை எண்களும் வர வேண்டும். பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள். "நிலுவை இல்லை" என்பதோடு "இச்சொத்தின் மீது வங்கிக்கு எந்த உரிமையும் இல்லை, ஈடு விடுவிக்கப்பட்டது" என்ற வாசகம் இருக்கிறதா? சொத்தின் சர்வே எண்ணும், வங்கியில் ஒப்படைத்த பத்திரங்களின் எண்ணும் ஆண்டும் வரிசையாக இருக்கின்றனவா? தேதி, பதவி, முத்திரையோடு அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா? கம்ப்யூட்டரில் எடுத்த பூஜ்ய நிலுவைக் கணக்கு அறிக்கை இதற்கு ஈடாகாது.

பத்திரப் பட்டியல் ஏன் அவசியம் என்றால், கிரயப் பத்திரம் கைக்கு வந்ததும் நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். அதோடு கொடுத்த தாய்ப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் வங்கியிலேயே தங்கிவிடும். எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகு விடுபட்டதை நிரூபிப்பது கடினம். கடன் வாங்கியபோது பத்திரங்களை ஒப்படைத்ததற்குப் பெற்ற ஒப்புகையை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, குறைவதைப் பதிவேட்டிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பத்திரம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. அடமான ஆவணத்தைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், அது வில்லங்கச் சான்றில் நிற்கும். வங்கி தரும் ரசீது ஆவணத்தையும் பதிவு செய்தால்தான் அந்தக் கடன் தீர்ந்ததாக அங்கே தெரியும். அடுத்த மாதம் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது நல்லது. செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் ஈடு நீக்கப்பட வேண்டும். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அதைத் தெரிவிப்பது வங்கியின் கடமை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவின்படி, முழுக் கடனும் அடைத்த 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் தராவிட்டால், தாமதத்துக்கு வங்கியே காரணமானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் அந்த உத்தரவு தனிநபர் கடன்களுக்கானது. வீட்டுக் கடனும் அதில் அடங்கும். கடைக்காரரின் கேஷ் கிரெடிட் தனிநபர் கடன் அல்ல. எனவே அந்த 5,000 ரூபாயை எதிர்பார்த்துச் சும்மா இருப்பவர் ஏமாறுவார். நமக்குக் காவல் நம் கையிலுள்ள கடிதமே. கடன் அடைத்த அன்றே, கணக்கு எண்களையும் பத்திர எண்களையும் குறித்து எழுத்து மூலம் சான்றிதழும் பத்திரமும் கேட்டு, நகலில் வங்கியின் ஒப்புகை முத்திரை பெற்று வையுங்கள்.

வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்ற பதில்தான் கிடைக்கும். எழுதிக் கொடுத்தால் வங்கியும் எழுதித்தான் பதில் தர வேண்டியிருக்கும். நம் ஊர்ச் சங்கங்கள் இதற்கு அரைப் பக்கத்தில் ஒரு மாதிரிக் கடிதம் அச்சிட்டு அலுவலகத்தில் வைத்தால், கணக்கு எண்ணை நிரப்புவது மட்டுமே வியாபாரியின் வேலையாக இருக்கும்.