பதினொரு நாள் ஏன் பிந்தியது?



தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்து, பத்து நாள் கழித்து அவள் வாய் திறந்தால், முதலில் வரும் கேள்வி "இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்?" என்பதுதான். கணக்கப்பிள்ளை கேட்கிறார், பொலிஸ் கேட்கிறது. லயத்துப் பெரியவர்களும் கேட்கிறார்கள். அதோடு "பிந்திப்போன கேஸ் நிக்காது" என்று ஒரு தீர்ப்பையும் எழுதிக் கையில் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை எந்த நீதிபதியும் எழுதவில்லை. நாமே எழுதி, நம் பிள்ளைகள் தலையில் கட்டுகிறோம்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது வேறு. சுமணசேன எதிர் சட்டமா அதிபர் வழக்கு 1999ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கையில் இருக்கிறது. சாட்சி பிந்தி வந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அவர் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது என்கிறது அந்தத் தீர்ப்பு. ஏன் பிந்தினார் என்று நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். அந்தக் காரணம் நம்பக்கூடியதாகவும் நியாயமானதாகவும் இருந்தால் அந்தச் சாட்சியத்தை வைத்துத் தீர்ப்புக் கொடுக்கலாம். அப்படியென்றால் நீதிமன்றம் பார்ப்பது காரணத்தை. நாட்கணக்கு அதற்குப் பிறகுதான்.

இதை விளங்கிக்கொள்ள இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவது தமிழ்நாட்டில் நடந்த கொலை. துளியா காளி வழக்கு, தீர்ப்பு 1972இல். பொலிஸ் நிலையம் இரண்டு மைல் தூரம்தான். ஆனால் முறைப்பாடு போனது 20 மணித்தியாலத்துக்கு மேல் கழித்து. கண்ணால் கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தும் ஏன் பிந்தியது என்பதற்கு ஏற்கக்கூடிய பதில் வரவில்லை. மரண தண்டனை பெற்றிருந்தவர் விடுதலையானார். இடைப்பட்ட நேரத்தில் கதை சோடிக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் தீரவில்லை.

இரண்டாவது பஞ்சாபில் நடந்தது. குர்மித் சிங் வழக்கு, தீர்ப்பு 1996இல். பரீட்சை எழுதப் போன 16 வயது நிரம்பாத பிள்ளையை 1984 மார்ச் 30ஆம் திகதி காரில் தூக்கிப்போய்க் கெடுத்தார்கள். பிள்ளை வீடு வந்து தாயிடம் சொன்னாள். தகப்பன் ஊர்த் தலைவரிடம் போனார். பஞ்சாயத்துக் கூடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. ஏப்ரல் 2ஆம் திகதிதான் முறைப்பாடு. விசாரணை நீதிமன்றம் தாமதத்தையும் ஒரு காரணமாகக் காட்டி எதிரிகளை விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தண்டனை கொடுத்தது. இப்படியான விடயத்தில் குடும்ப மானத்தை நினைத்து, ஆறி யோசித்துத்தான் வீட்டார் பொலிஸுக்குப் போவார்கள், அது இயல்பு என்று ஏற்றுக்கொண்டது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவதுண்டு.

20 மணித்தியாலம் வழக்கை விழுத்தியது. மூன்று நாள் விழுத்தவில்லை. பஞ்சாபில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதுதான் வித்தியாசம்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். மலையில் கொழுந்தெடுக்கும் ஒரு பிள்ளையை மேற்பார்வை செய்கிறவன் கையைப் பிடித்து இழுக்கிறான். அன்றிரவே அம்மாவிடம் அழுது சொல்கிறாள். மறுநாள் அப்பா தலைவரிடம் போகிறார். தலைவர் "அவசரப்படாதீங்க, துரைகிட்ட பேசித் தீர்ப்போம்" என்கிறார். துரை லீவு. பேச்சு ஒரு கிழமை இழுபடுகிறது. இடையில் அவளுக்குப் பேர் போடாமல் அரைப் பேர் போடுகிறார்கள். பதினோராம் நாள் பொலிஸ்.

இந்தக் கதையில் ஒவ்வொரு நாளுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் பொலிஸ் புத்தகத்தில் என்ன விழுகிறது? "இன்ன திகதி, இன்னார் என் கையைப் பிடித்தார்" என்று நான்கு வரி. அம்மாவும் இல்லை, தலைவரும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. வழக்கு வரும்போது வருடங்கள் ஓடியிருக்கும். சாட்சிக் கூண்டில் அவள் முதன்முறையாகத் தலைவர் பெயரைச் சொல்வாள். எதிரியின் சட்டத்தரணி எழும்பி, "இது உங்கள் வாக்குமூலத்தில் இல்லையே, பிறகு யோசித்துச் சேர்த்ததுதானே?" என்பார். உண்மையான காரணம் அந்த இடத்தில் பொய் போலத் தெரியும்.

ஆகவே பிந்திய காரணம் முதல் வாக்குமூலத்திலேயே ஏற வேண்டும். யாரிடம் எப்போது சொன்னாள், யார் பொறுக்கச் சொன்னது, எதற்குப் பயந்தாள் என்பதெல்லாம் திகதியோடு இருக்க வேண்டும். அம்மாவிடம் அன்றிரவு சொன்னது மிகப் பெரிய பலம். சம்பவத்தை ஒட்டிய நேரத்தில் ஒருவர் சொன்ன வார்த்தையை அவருடைய சாட்சியத்துக்கு ஆதரவாகக் கொண்டுவர சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகையால் அம்மாவும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

மொழியும் இங்கே ஒரு வழக்குத்தான். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி முறைப்பாட்டைச் சொல்கிறவரின் மொழியில் எழுத வேண்டும். முடியாவிட்டால் அவரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதுவும் முடியாதபோதுதான் வேறு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். நமக்கு நடப்பது என்ன? சிங்களத்தில் எழுதி "மெதன அத்சன்" என்று விரலைக் காட்டுகிறார்கள், நாமும் போட்டுவிடுகிறோம். தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனால் இந்தச் சிக்கல் பாதி தீரும். எழுதத் தெரிந்த பிள்ளை இல்லாத லயம் இன்று உண்டா?

ஒரு எச்சரிக்கை. காரணம் உண்மையாக இருக்க வேண்டும். கேஸ் நிற்கட்டும் என்று "காய்ச்சலில் படுத்திருந்தேன்" என்று சொல்லி, அந்தக் கிழமை செக்ரோலில் நான்கு பேர் இருந்தால், பதினொரு நாள் தாமதத்தை விட அந்த ஒரு பொய் அதிகம் கெடுக்கும். பயந்தேன் என்றால் பயந்தேன் என்றே சொல்லலாம். யாருக்கு, எதற்கு என்று கூடச் சொன்னால் போதும். காயம் இருந்தால் அது வேறு கணக்கு. கன்றிப்போன தடம் பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்காது. சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போது தோல் வெறுமையாக இருந்தால், எவ்வளவு நல்ல காரணமும் அந்தத் தடயத்தைத் திருப்பித் தராது.

இப்போது தலைவர்மாரிடம் ஒரு வார்த்தை. சங்கப் பத்திரிகையில் எழுதுவதால் விட்டுவிட முடியாது. பேசித் தீர்ப்பது சம்பளப் பிரச்சினைக்குச் சரி. ஒரு பெண்ணின் உடம்பில் கை வைத்ததைத் துரை அறையில் பேசித் தீர்க்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? நீங்கள் இழுத்த ஒவ்வொரு நாளுக்கும் அந்தப் பிள்ளைதான் கூண்டில் நின்று பதில் சொல்கிறாள். அப்படியும் இழுத்திருந்தால், "நான்தான் பொறுக்கச் சொன்னேன்" என்று பொலிஸில் வாக்குமூலம் கொடுங்கள், கோட்டுக்கும் வாருங்கள். பலர் அந்த நேரத்தில் ஊரிலேயே இருப்பதில்லை. நீங்கள் வராவிட்டால் அவள் சொல்லும் காரணம் ஆதாரமில்லாத காரணமாகிவிடும்.

ஏற்கெனவே நான்கு வரி முறைப்பாடு போட்டு வந்தவர்கள் கைவிட வேண்டியதில்லை. அதே நிலையத்துக்குப் போய் மேலதிக வாக்குமூலம் கொடுக்கக் கேட்கலாம். முறைப்பாட்டு இலக்கத் துண்டைக் கொண்டுபோங்கள். விட்டுப்போனதையும், ஏன் விட்டுப்போனது என்பதையும், யார் எந்த மொழியில் எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை அடுத்த வருடம் செய்வதை விட இந்தக் கிழமை செய்தால் அதற்கு மதிப்பு அதிகம். மேலதிக வாக்குமூலம் ஏன் பிந்தியது என்ற கேள்வியும் ஒருநாள் வரும்.