புழுங்கல் அரிசி பாதி வெந்ததுதான். அதனால் என்ன குறைந்துபோயிற்று?



நம் குடும்பக் குழுவில் பத்து நாளாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. புழுங்கல் அரிசி ஆலையிலேயே பாதி வெந்துவிடுகிறதாம், சத்தெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே போய்விடுகிறதாம், நாம் சாப்பிடுவது வெறும் சக்கையாம். ஆகவே எல்லோரும் வெள்ளை வெளேரென்ற பச்சரிசிக்கு மாறுங்கள் என்று முடித்திருக்கிறார்கள். அதை நம்பி என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி வீட்டிலிருந்த புழுங்கல் அரிசி மூட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். இதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் வாத்தியாராக இருந்ததற்கு அர்த்தமில்லை.

அந்தச் செய்தியில் முதல் வரி உண்மை. மற்றதெல்லாம் தலைகீழ்.

நெல்லை ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, காயவைத்து, அதன்பிறகு குத்தினால் புழுங்கல் அரிசி. அவிக்காமல் அப்படியே குத்தினால் பச்சரிசி. நம் பாலாறு பொருந்தலாற்றுப் பாசனத்தில் விளைந்த ஒரே வயல் நெல்லிலிருந்து இரண்டையும் எடுக்கலாம். அவிக்கும்போது அரிசிக்குள் இருக்கும் மாவு, ஊறிய தண்ணீரையும் சூட்டையும் வாங்கிக் கூழாகிவிடுகிறது. ஏறக்குறைய எழுபது டிகிரி சூட்டிலேயே இது நடந்துவிடும். சோறு வேகும்போது நடப்பதும் இதேதான். ஆகவே ‘ஏற்கெனவே வெந்ததா?’ என்று கேட்டால், ஆம், மாவு ஒருமுறை வெந்துவிட்டது.

நம்பாதவர்கள் ஆயுத பூஜைப் பொரியை நினைத்துப் பாருங்கள். அரிசிப் பொரியைப் புழுங்கல் அரிசியில்தான் பொரிப்பார்கள். முன்பே வெந்து காய்ந்த மாவுதான் சூடான மணலில் பட்டதும் அப்படி உப்பும். பச்சரிசியைப் போட்டால் சிவந்து கருகுமே தவிர, பொரியாக மலராது.

அப்படியானால் புழுங்கல் அரிசி சீக்கிரம் வேக வேண்டாமா? அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நேற்று வடித்த சோறு காலையில் விறைத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். வெந்த மாவு ஆறிக் காயும்போது இறுகும். அவித்த நெல் காயும்போதும் அதே கதைதான். மாவு இறுகி, கீறல்கள் அடைபட்டு, மணி கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. ஆலையில் குத்தும்போது குருணை குறைவாக விழுவதும் இதனால்தான். வீட்டில் இரண்டையும் தனித்தனி டம்ளரில் அரைமணி நேரம் ஊறவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். பச்சரிசி சுலபமாகப் பொடிந்துவிடும். புழுங்கல் அரிசி எதிர்த்து நிற்கும். அந்த இறுகிய மணிக்குள் தண்ணீர் புகுந்து மறுபடி இளக நேரமாகும். பச்சரிசி கால்மணி நேரத்தில் வெந்தால், புழுங்கல் அரிசி அரைமணி நேரம்கூடக் கேட்கும்; தண்ணீரும் கூடக் கேட்கும். பலனாகச் சோறு குழையாமல் உதிரி உதிரியாக நிற்கும்.

அசாமில் ‘கோமல் சாவுல்’ என்று ஒரு அரிசி உண்டு. அதுவும் அவித்த நெல் அரிசிதான். அதை அடுப்பில் ஏற்றாமல் தண்ணீரில் ஊறவைத்தே தயிரும் வெல்லமும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். அந்த நெல்லின் மாவு இறுகாத வகை. நம்முடைய நெல் வகைகள் இறுகும் வகை. அதனால் நமக்கு இரண்டாவது முறை உலை வைத்தாக வேண்டும். வெந்ததும் உண்மை, மறுபடி வேகவைக்க வேண்டியதும் உண்மை. இரண்டுக்கும் சண்டையே இல்லை.

இனி சத்துக்கு வருவோம். நெல்லில் பி1 என்னும் வைட்டமின் பெரும்பாலும் மேல் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு மாட்டுத்தொட்டிக்குப் போய்விடும். ஆனால் நெல் உமிக்குள் இருக்கும்போதே ஊறி அவிந்தால், தண்ணீரில் கரையும் அந்தச் சத்தில் ஒரு பங்கு மணிக்கு உள்ளே இறங்கி, இறுகும் மாவோடு தங்கிவிடுகிறது. ஊறவைத்த தண்ணீரில் கொஞ்சம் போவது மெய்தான். ஆனாலும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையைப் பாருங்கள். நூறு கிராம் தீட்டிய பச்சரிசியில் பி1 0.06 மில்லிகிராம், தீட்டிய புழுங்கல் அரிசியில் 0.21. மூன்று மடங்குக்கு மேல்! சக்கை எது?

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். அங்கே வேலை செய்த டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகள் சாய்ந்தார்கள். பக்கத்திலேயே பாடுபட்ட நம் தமிழ்த் தொழிலாளிகளை நோய் அதிகம் தொடவில்லை. அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

இதைச் சோதிக்க, டாக்டர் பிளெட்சர் 1905 கடைசியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. கட்டடத்தின் கோளாறாக இருக்குமோ என்று இடையில் இரு பிரிவினரின் இருப்பிடத்தையும் மாற்றிப் பார்த்தார். ஒரு வருடத்தில் பச்சரிசிப் பிரிவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை. வைட்டமின் என்ற சொல்லே அன்றைக்குப் பிறக்கவில்லை!

உடனே பச்சரிசியைத் திட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பொங்கலுக்கும் கொழுக்கட்டைக்கும் அதுதான் வேண்டும். அந்தக் குழைவு புழுங்கலில் வராது. காயும் பருப்பும் பாலும் சேர்த்து உண்பவருக்குப் பச்சரிசியால் பெரிபெரி வந்துவிடாது. அதேபோல் புழுங்கல் அரிசி சர்க்கரை நோய்க்கு மருந்தும் இல்லை. தீட்டியபின் நார்ச்சத்து அதிலும் குறைவுதான். அதையும் நாலு முறை கசக்கிக் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால், உள்ளே இறங்கிய பி1 சாக்கடைக்குத்தான் போகும். சத்து போகும் தண்ணீர் உங்கள் வீட்டுத் தண்ணீர் பிள்ளைகளே, எங்கோ ஆலையில் இல்லை. கழுவுவதைக் குறையுங்கள், வடித்த கஞ்சியைக் குடியுங்கள்.

புழுங்கல் என்ற சொல்லையே பாருங்கள். மூடிய அறையில் நமக்குப் புழுங்குகிறதே, அதே சொல். உமிக்குள் மூடிக்கொண்டு நெல் புழுங்குகிறது. அதனால் உள்ளிருப்பது வெளியே ஓடாமல் உள்ளேயே இறங்குகிறது. பெயர் வைத்த பாட்டிகளுக்குத் தெரிந்தது, செய்தி அனுப்பியவருக்குத் தெரியவில்லை.

மூட்டையைக் கொடுத்தவள் வேறு மூட்டை வாங்கிக்கொள்ளட்டும். மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். ஆதாரத்தோடு எழுதுங்கள், ‘ஃபார்வர்டு’ ஆதாரமில்லை.