டஸ்ட் டீ என்றால் குப்பையா? பாக்கெட்டில் நீங்க பார்க்க வேண்டியது வேற!

“டஸ்ட்டுன்னா ஃபேக்டரி தரையில கூட்டி அள்ளுறது”. இன்ஸ்டாகிராமில் டீ விற்கிற ஏதாவது ஒரு ரீலில் இதை நீங்களும் கேட்டிருப்பீங்க. நான் கேட்டதோடு நிற்காமல், 100 கிராம் 450 ரூபாய்க்கு ஒரு முழு இலைத் தேயிலையை ஆர்டரும் போட்டேன். வந்ததும் வீட்டில் வழக்கமா செய்ற மாதிரி பால், சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்தேன். ஒரு வாய் குடித்த அம்மா, “இது என்ன பால் காயம்பட்ட மாதிரி இருக்கு?” என்றார். நிறமும் இல்லை, கடுப்பும் இல்லை.

தப்பு தேயிலை மேல இல்லை, என் மேலதான்.

தேயிலை தயாரிப்பில் கடைசி வேலை சலிப்பது. காய்ந்த தேயிலையை வெவ்வேறு அளவு சல்லடைகளில் ஓட்டுவார்கள். பெரிதாக நிற்பது முழு இலை, அடுத்தது உடைந்த இலை, பிறகு ஃபேனிங்ஸ், கடைசியில் டஸ்ட். ஓ.பி., பி.ஓ.பி., எஸ்.ஆர்.டி. என்று பாக்கெட்டில் இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் சொல்வது இந்த அளவைத்தான். (ஓ.பி.யில் வரும் ‘ஆரஞ்சு’க்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் சம்பந்தமே இல்லை!) ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் பறித்த கொழுந்திலிருந்து இந்த எல்லா ரகமும் வரும்.

துகள் சின்னதாக இருந்தால் தண்ணீர் படும் பரப்பு அதிகம். அதனால் டஸ்ட் இரண்டு மூன்று நிமிடத்தில் மொத்தச் சாற்றையும் இறக்கிவிடும். பாலின் கொழுப்பையும் சர்க்கரையையும் தாண்டி நாக்குக்கு வர அந்தக் கடுப்பு வேண்டும். நம்ம ஊர் டீக்கடை மாஸ்டர் துணி வடிகட்டியில் டஸ்ட்டைப் போட்டு டிகாஷன் இறக்குவது இதனால்தான். அங்கே முழு இலையைப் போட்டால் காசும் வீண், டீயும் வீண்.

இன்னொரு விஷயம், சி.டி.சி. இலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை இது. அசாமில் 1930-களில் வந்தது. நம் வீட்டு டீத்தூளில் பெரும்பகுதி இதுதான். ஆர்த்தடாக்ஸ் என்பது இலையை உருட்டி மட்டும் பதப்படுத்தும் பழைய முறை. மணம் அதில்தான் நிற்கும். எனவே ‘இலையா, தூளா’ என்று கேட்பதற்கு முன்னால், ‘பால் ஊற்றப் போறேனா, இல்லையா’ என்று கேட்பதுதான் சரி.

மிச்சமிருந்த அந்த 450 ரூபாய் தேயிலையை மறுபடி போட்டேன். ஒரு டீஸ்பூன் குவிய எடுத்து, கொதித்து அரை நிமிடம் ஆறிய 150 மில்லி தண்ணீர் ஊற்றி, மூடி மூன்று நிமிடம். பால் இல்லை, சர்க்கரை இல்லை. லேசான பூ வாசனை! அதை நான் அன்றைக்கே பாலில் கொன்றிருக்கிறேன்.

அடுத்து, ஊர். அசாம் தேயிலை கெட்டியான, மால்ட் மாதிரியான சுவை. பாலுக்குப் பொருந்தும். டார்ஜிலிங் மெல்லியது, மணம்தான் அதன் விலை. பால் சேர்த்தால் அந்த விலைக்கு அர்த்தமில்லை. நம்ம நீலகிரி இரண்டுக்கும் நடுவே: பளிச்சென்ற சுவை, நல்ல மணம். அதுவும் டிசம்பர், ஜனவரி குளிரில் பறித்த ஆர்த்தடாக்ஸ் இலை தனி ரகம். ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான பிராண்டுகள் பல ஊர் தேயிலையைக் கலந்தவை. வருஷம் முழுக்க ஒரே சுவை வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கலவை, அது மோசடி இல்லை. பெயரில் மலை படம் இருப்பதால் மட்டும் அது நீலகிரி ஆகிவிடாது. தேயிலை வாரியத்தின் நீலகிரி லோகோ இருக்கிறதா என்று பாருங்க. அது ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கானது.

ரக எழுத்து சொல்லாத ஒன்று உண்டு. பறித்தது இரண்டு இலையும் ஒரு மொட்டுமா, இல்லை முற்றிய இலையா என்பதுதான் அது. முற்றிய இலையில் செய்த ‘முழு இலை’யை விட, நல்ல கொழுந்தில் செய்த டஸ்ட் மேல். நீலகிரியில் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைப் பறித்து ஃபேக்டரிகளுக்கு விற்கிறார்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால், குறைவான ஆட்களை வைத்து அதிக எடை பறிக்கத்தான் கை போகும். அந்த முற்றிய இலை கடைசியில் உங்கள் டம்ளருக்கே வருகிறது. மிக மலிவான பாக்கெட்டை நான் தவிர்ப்பது இதனால்தான். ‘பிரீமியம்’ என்ற வார்த்தைக்காக அல்ல.

கலப்படச் சந்தேகம் இருந்தால், ஈரமில்லாத வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, மேலே தண்ணீர் தெளிங்க. தூளைத் தட்டிவிட்டு தாளை வெளிச்சத்தில் பாருங்க. பளிச்சென்று சாயக் கறை உடனே பிடித்திருந்தால் நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூடவே ஒரு காந்தத்தையும் தூளுக்கு மேலே காட்டுங்க, இரும்புத்தூள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

நல்ல டஸ்ட் வாங்கினாலும் 250 கிராமுக்கு மேல் எடுக்காதீங்க. துகள் சின்னது என்பதால் சாறு சீக்கிரம் இறங்குகிற மாதிரியே மணமும் சீக்கிரம் போய்விடும். இறுக்கமான டப்பா, அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.